338 பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட வேண்டிய கல்யாண அழைப்பு: பார்த்துத் திருத்திக் கொடுங்கள்

கடைக்குட்டி · ஆகஸ்ட் 1, இரவு 9.40

அக்காவுக்கு இந்த மாதம் 29ஆம் தேதி கும்பகோணத்தில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நெருங்கிய சொந்தங்களுக்கு அப்பாவும் அம்மாவும் நேரில் போய் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுதான். அதில் 338 பேர், கணக்குப் போட்டால் 112 குடும்பம். ஆடியில் அழைப்புக் கொடுப்பதா என்று பாட்டி முகத்தைத் தூக்கினார். அதனால் நாளை மறுநாள் பதினெட்டாம் பெருக்கு அன்று போடலாம் என்று அப்பா சமாதானம் செய்து வைத்திருக்கிறார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதியது இதுதான், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

> அன்புடையீர், வணக்கம். நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை சுபயோக சுபதினத்தில் காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில் எங்கள் மூத்த குமாரத்தி திருவளர்ச்செல்வி … அவர்களுக்கும் … அவர்களின் இளைய குமாரர் திருவளர்ச்செல்வன் … அவர்களுக்கும் கும்பகோணம் … மஹாலில் திருமணம் செய்வதாய்ப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டுள்ளது. முதல் நாள் மாலை வரவேற்பு. தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம். வருகையை இக்குழுவிலேயே உறுதி செய்யவும்.

சமையல்காரர் ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை இலை என்று கேட்கிறார். அதற்குத்தான் அந்தக் கடைசி வரி. இது போதுமா?

விஜி அம்பத்தூர் · ஆகஸ்ட் 1, இரவு 10.05

வாழ்த்துகள்! பத்திரிகைக்கு மஞ்சள் அட்டையே போதும், இந்த வெல்வெட் பெட்டியெல்லாம் வேண்டாம். என் பெண் கல்யாணத்தில் பெட்டிக்கே தண்டமாகச் செலவு செய்தோம். எல்லோர் வீட்டிலும் இப்போது அதில் ஊசி நூல்தான் இருக்கிறது. "இளைய குமாரர்" என்பதைவிட "கனிஷ்ட குமாரர்" என்று போட்டால் பத்திரிகைக்கு ஒரு களை வரும்.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 1, இரவு 10.11

பத்திரிகை அடித்தாகிவிட்டது அக்கா. இது குழுவில் போடும் செய்திக்கு.

கீபோர்டு குமரன் · ஆகஸ்ட் 1, இரவு 10.30

இவ்வளவு மெனக்கெட வேண்டாம். குழுவில் ஒரு வாக்கெடுப்புப் போடுங்கள். 12 விருப்பங்கள் வரை வைக்கலாம். "1 பேர், 2 பேர், 3 பேர்… வரவில்லை" என்று வைத்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். கையால் எண்ண வேண்டியதே இல்லை.

இலைக்கணக்கு · ஆகஸ்ட் 1, இரவு 11.20

மாயவரம் பக்கம் இருபத்தைந்து வருடமாகப் பந்தி வேலை பார்க்கிறவன். குமரன் தம்பி சொன்ன வாக்கெடுப்பை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அது தலையை எண்ணாது, போனை எண்ணும். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகன், மருமகள் நான்கு பேரும் குழுவில் இருப்பார்கள். நான்கு பேரும் "4 பேர்" என்பதைத் தொடுவார்கள். இலை பதினாறு ஆகிவிடும். இன்னொன்று, யார் எதைத் தொட்டார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். "வரவில்லை" என்பதை எந்த மாமா தொடுவார்? அவர் பேசாமல் இருந்துவிடுவார். நீங்கள் அவர் வருவாரா மாட்டாரா என்று கடைசி நாள் வரை முழிக்க வேண்டியதுதான்.

தங்கச்சிக்கு: உன் செய்தியில் எனக்கு வேண்டியது எதுவுமே இல்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு ஒன்று அல்ல, மூன்று. வியாழன் ராத்திரி, வெள்ளி காலை டிபன், வெள்ளி மதியம். மூன்றுக்கும் மூன்று கூட்டம். "வருகையை உறுதி செய்யவும்" என்றால் "கண்டிப்பா வர்றோம்" என்று பதில் வரும். அதை வைத்து நான் எத்தனை இட்லி ஊற்றுவது?

எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். 400 இலைக்குச் சொல்லி 450 பேர் வந்தால் சாம்பாரையும் ரசத்தையும் சமாளிக்கலாம். சாதம் இன்னொரு உலை வைக்கலாம். ஜாங்கிரியைச் சமாளிக்க முடியாது, அது எண்ணிச் செய்வது. வடையும் அப்படித்தான். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர் யார்? பெண் வீட்டுக்காரர்கள். இலையில் இனிப்பு இல்லாமல் எழுந்திருக்கிறவர்கள் உன் அத்தையும் சித்தப்பாவும்தான். மாறாக, 400 என்று சொல்லி 300 பேர் வந்தாலும் 400 இலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

ஓய்வுத் தலைமையாசிரியர் · ஆகஸ்ட் 2, காலை 6.15

மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியது பத்திரிகை மொழி. ஒரே வாக்கியத்தில் வருடம், மாதம், லக்னம், இரண்டு குடும்பம், ஊர், மண்டபம் எல்லாம் இருக்கின்றன. கையில் மெதுவாக வாசிக்கும் அட்டைக்கு அது சரி. போனில் நீண்ட செய்தி பாதியில் மடங்கி, மீதியைப் படிக்கத் தொட வேண்டியிருக்கும். என் போன்ற வயதினர் தொடுவதில்லை. "கல்யாணம்" என்று புரிந்ததும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். வரவேற்பு எத்தனை மணிக்கு என்பதே உங்கள் செய்தியில் இல்லை, கவனித்தீர்களா?

முதல் இரண்டு வரியிலேயே நாளும் ஊரும் வர வேண்டும். "முதல் நாள் மாலை" என்று எழுதாதீர்கள். தேதியும் கிழமையும் சேர்த்து "28 வியாழன் மாலை" என்று எழுதுங்கள்.

பாண்டிநாட்டான் · ஆகஸ்ட் 2, காலை 7.50

தலைமையாசிரியர் ஐயா சொன்ன தேதி விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. தம்பிக்கு முகூர்த்தம் விடியற்காலை 4.30 – 6.00. செய்தியில் "காலை" என்ற சொல்லை விட்டுவிட்டோம். அவனோடு வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள் மூன்று பேர் பளபளவென்று உடுத்திக்கொண்டு சாயங்காலம் நாலரைக்கு வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அது போதாதென்று பெரியப்பா வேறு ஒரு நாள் தாமதமாகக் கிளம்பினார். விடிந்தால்தான் நாள் பிறக்கும் என்பது அவர் கணக்கு. ஞாயிறு 4.30 என்றால் ஞாயிறு ராத்திரி கழிந்து வரும் 4.30 என்று எடுத்துக்கொண்டார். உங்களுக்கு 7.30 முகூர்த்தம், அந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு மணிக்கும் முன்னால் காலை, மாலை, இரவு என்று போட்டுவிடுங்கள்.

அப்புறம், "மொய் தவிர்க்கவும்" என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் அது பெரிய சண்டை. நாங்கள் செய்ததைத் திருப்பி வாங்க மாட்டார்களாமா என்று கேட்பார்கள்.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 2, காலை 9.05

மொய் பற்றி எதுவும் போடவில்லை அண்ணா. அப்பா நோட்டு வாங்கி மஞ்சள் தடவி வைத்தாயிற்று.

இலைக்கணக்கு அண்ணா, அப்படியானால் இப்படிக் கேட்கட்டுமா? "28 இரவு / 29 காலை / 29 மதியம் எத்தனை பேர் என்று மூன்று எண்ணாக அனுப்பவும். உதாரணம்: 4-2-4."

விஜி அம்பத்தூர் · ஆகஸ்ட் 2, காலை 9.40

அய்யோ வேண்டாம். 4-2-4 என்று எழுது என்று எங்கள் அத்தையிடம் சொன்னால் அது பஸ் நம்பரா என்று கேட்பார். அதைவிட, எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று கேட்பதே குற்றம். "இலை எண்ணியா கூப்பிடுறாங்க?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். என் பெண் கல்யாணத்தில் ஒரு குடும்பம் அதைச் சொல்லியே வரவில்லை. அன்று முதல் நான் யாரிடமும் எண்ணிக்கை கேட்பதில்லை. சேர்த்துச் சமைத்துவிட வேண்டியதுதான்.

இலைக்கணக்கு · ஆகஸ்ட் 2, காலை 11.30

சேர்த்துச் சமைப்பது எனக்கு லாபம், உங்களுக்குச் செலவு. ஆனால் அக்கா சொல்கிற மனத்தாங்கல் உண்மைதான். எண்ணிக்கை கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் அறை கேட்டால் சந்தோஷப்படுவார்கள். "தங்க இடம் எத்தனை பேருக்கு ஏற்பாடு பண்ணட்டும்?" என்று கேள், தங்கச்சி. அது உபசாரம். அதே கேள்வியில் பாதிக் கணக்கு வந்துவிடும். ராத்திரி தங்குகிறவர்தான் காலை டிபன் சாப்பிடுகிறவர். உள்ளூர்க்காரர் முகூர்த்தத்துக்கு வருவார், அட்சதை போடுவார், வேலைக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை வேறு, பள்ளிக்கூடம் உண்டு.

உள்ளூர்க்காரர்களைச் செய்தியில் கேட்காதே. அதற்கு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் நன்றாக நடக்கிற வீடுகளில் கிளைக்கு ஒருவர் பொறுப்பு. பெரியப்பா வீட்டுக் கிளை, அத்தை வீட்டுக் கிளை என்று பிரித்து, அந்தந்தக் கிளையில் எல்லோரும் பேசுகிற ஒரு ஆளைப் பிடித்துவிடு. அவர் போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டே எண்ணிக்கையை வாங்கிவிடுவார். குழுச் செய்தியில் "உங்கள் கிளைக்கு இவர்" என்று மட்டும் போடு.

கீபோர்டு குமரன் · ஆகஸ்ட் 2, மதியம் 12.15

வாக்கெடுப்பு தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இக்குழுவிலேயே உறுதி செய்யவும்" என்ற வரியை முதலில் எடுங்கள். 338 பேர் குழுவில் அழைப்புப் போட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் நூறு "வாழ்த்துகள்" வந்து அழைப்பு எங்கோ மேலே போய்விடும். நடுவில் "நாங்க 3 பேர்" என்று ஒருவர் எழுதியிருப்பதை யார் தேடுவது? குழு அமைப்பில் போய் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றிவிட்டுப் போடுங்கள். பிறகு அந்தச் செய்தியைப் பின் செய்யுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். 30 நாள் கொடுத்தால் ஆகஸ்ட் 3 அன்று போட்டது கல்யாணம் முடிகிறவரை மேலேயே நிற்கும்.

பதில் தனியாக வர வேண்டுமானால் இப்படி ஓர் இணைப்புக் கொடுக்கலாம். தொட்டால் உங்கள் எண்ணுக்கான உரையாடல் திறக்கும், முதல் வார்த்தைகள் ஏற்கெனவே எழுதியிருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Aug%2028-29%20Room%3A
```

91க்கு முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ வரக் கூடாது. வந்தால் வேலை செய்யாமல் போகலாம். தமிழிலும் எழுதலாம், ஆனால் ஒட்டும்போது சில சமயம் அது ஒரு முழம் நீளத்துக்குக் குறியீடாக மாறி, பார்க்கிறவர்கள் வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள்.

ஓய்வுத் தலைமையாசிரியர் · ஆகஸ்ட் 2, மதியம் 2.20

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தம்பி. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் `.apk` கோப்பை அனுப்பி, திறந்தவர் போனைக் கைப்பற்றும் மோசடி நடக்கிறது. இமாச்சலப் பிரதேசக் காவல்துறை 2024 நவம்பரில் இதைப் பற்றியே எச்சரித்தது. அதனால் அழைப்பைக் கோப்பாக அனுப்ப வேண்டாம். எழுத்தாகவே இருக்கட்டும், பத்திரிகையின் படம் ஒன்று தனியாக இருக்கட்டும். யார் வீட்டுக் கல்யாணம் என்பது இணைப்புக்கு மேலேயே தெரிய வேண்டும்.

விஜி அம்பத்தூர் · ஆகஸ்ட் 2, மாலை 4.00

படத்துக்குக் கீழேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன? ஒரே செய்தியாகப் போய்விடுமே.

கீபோர்டு குமரன் · ஆகஸ்ட் 2, மாலை 4.25

வேண்டாம் அக்கா. வேறு குழுவுக்கு அனுப்பும்போது படம் மட்டும் போய் எழுத்து கழன்றுவிடலாம். படத்துக்குள் இருக்கும் போன் எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது. முதலில் படம், அடுத்து எழுத்து என்று இரண்டாகவே போடுங்கள். பின் செய்ய வேண்டியது எழுத்தைத்தான்.

அப்புறம், மண்டபத்தின் வழியை மறந்துவிடாதீர்கள். என் மாமா மகன் ஒரு வாரம் முன்னாலேயே "லைவ் லொகேஷன்" அனுப்பினான். அது அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். அதையும் வீட்டில் உட்கார்ந்தபடியே அனுப்பியிருந்தான்!

கடைக்குட்டி · ஆகஸ்ட் 2, மாலை 5.10

ஐயோ, மண்டபம்தான் பெரிய சிக்கல். அதே உரிமையாளருக்கு அதே பெயரில் இரண்டு மஹால். பழையது ஊருக்குள், மகாமகக் குளத்திலிருந்து நடக்கும் தூரம். எங்களுடையது புதிது, ஊரைத் தாண்டி. மேப்பில் பெயரைத் தேடினால் பழையதுதான் முதலில் வருகிறது.

பாண்டிநாட்டான் · ஆகஸ்ட் 2, மாலை 5.45

யாரையாவது அனுப்பிப் புது மஹால் வாசலிலேயே நின்று இடத்தைக் குத்தி அனுப்பச் சொல்லுங்கள். பெயரை நம்ப வேண்டாம். அதோடு ஆட்டோக்காரரிடம் வாயால் சொல்ல ஓர் அடையாளமும் எழுதுங்கள். ரயிலை விட்டு இறங்குகிறவர் மேப் பார்க்க மாட்டார், ஆட்டோவில் ஏறி மஹால் பெயரைச் சொல்வார். ஆட்டோ நேராகப் பழைய மஹாலுக்குப் போய்விடும். அங்கே அன்றைக்கு வேறு கல்யாணம் நடக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் தெரியும், இடம் மாறிவிட்டது என்று.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 2, இரவு 9.15

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து மறுபடி எழுதினேன். சித்தப்பா மாலையே போய் வாசலில் நின்று இடத்தை அனுப்பிவிட்டார். கிளைகள் ஏழு வந்தன.

```
*எங்கள் வீட்டுக் கல்யாணம், கும்பகோணம்*
*ஆகஸ்ட் 28 வியாழன் மாலை, 29 வெள்ளி காலை*

மணமகள்: …   (… – … தம்பதியர் மகள்)
மணமகன்: …   (… – … தம்பதியர் மகன்)

*28 வியாழன்*
வரவேற்பு: மாலை 6.30 முதல்
விருந்து: இரவு 7.00 – 10.00

*29 வெள்ளி (ஆவணி 13)*
டிபன்: காலை 6.30 – 9.30
முகூர்த்தம்: காலை 7.30 – 9.00
விருந்து: காலை 11.00 முதல்

*இடம்:* … மஹால், *புது மஹால்*
(குளத்துப் பக்கம் உள்ள பழைய மஹால் அல்ல)
ஆட்டோவில் சொல்ல: … சாலை, தண்ணீர்த் தொட்டி எதிரில்
வழி: https://maps.app.goo.gl/…

குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிடுங்கள்.
தங்க இடம் எத்தனை பேருக்கு வேண்டும் என்று
*ஆகஸ்ட் 20 புதனுக்குள்* சொல்லுங்கள்:
… கிளை: …, போன் …
… கிளை: …, போன் …

நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.
அன்புடன், …
```

ஓய்வுத் தலைமையாசிரியர் · ஆகஸ்ட் 2, இரவு 9.50

நன்று. ஒரு வார்த்தை மாற்ற வேண்டும். "சொல்லுங்கள்" என்பது உத்தரவு போல இருக்கிறது. "சொன்னால் உங்களைக் கவனிக்க எங்களுக்கு வசதி" என்று எழுதுங்கள். நட்சத்திரக் குறியையும் பாருங்கள். எழுத்தோடு ஒட்டி இருந்தால்தான் தடித்த எழுத்தாகும். நடுவில் இடம் விட்டால் வெறும் நட்சத்திரமாகவே நிற்கும்.

விஜி அம்பத்தூர் · ஆகஸ்ட் 2, இரவு 10.10

கிளைக்காரர்களில் கல்யாணமாகாத பெண்கள் யாராவது இருந்தால் அவர்கள் எண்ணைப் போடாதே அம்மா. இந்தச் செய்தி எத்தனை குழுவுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? என் தங்கை மகள் எண்ணை இப்படிப் போட்டதில் ஆறு மாதம் முன்பின் தெரியாதவர்களின் காலை வணக்கம் வந்துகொண்டிருந்தது.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 2, இரவு 10.20

ஐந்தாவது கிளைக்கு என் எண்தான் இருந்தது. எடுத்துவிட்டு அண்ணன் எண்ணைப் போட்டுவிட்டேன்.

கீபோர்டு குமரன் · ஆகஸ்ட் 2, இரவு 10.40

கடைசியாக ஒன்று. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். நேராக 338 பேருக்குப் போடாமல், அப்பா, அண்ணன், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில் முதலில் போடுங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெயர் தப்பாகிவிட்டால் அப்புறம் கல்யாணம் வரை அதே பேச்சுதான்.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 3, மதியம் 1.30

காலையில் ஆற்றுக்குப் போய் வந்து 9 மணிக்குப் போட்டோம். மூன்று பேர் குழுவில் போட்டதால் பிழைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா பெயரில் ஒரு "ள்" "ல்" ஆகியிருந்தது, அவர்களே சொன்னார்கள். குழுவைப் பூட்டியதில் பாட்டிக்கு வருத்தம். "வாழ்த்துச் சொல்லக்கூட வாயைக் கட்டிட்டீங்களா?" என்று அத்தை அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாராம். செவ்வாய்க்கிழமை திறந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 21, இரவு 8.00

கெடு முடிந்தது. 112 குடும்பத்தில் செய்தியைப் பார்த்துத் தாங்களாகவே கூப்பிட்டுச் சொன்னவர்கள் 39. மற்றவர்களைக் கிளைக்காரர்கள் போன் செய்து கேட்டார்கள். இன்னும் பதினோரு குடும்பம் "பார்க்கலாம்" என்கிறது. கிடைத்த கணக்கு: இரவு 372, டிபன் 190, மதியம் 300. இது குடும்பக் குழு மட்டும்தான். தெருக்காரர்கள், அப்பாவின் அலுவலக ஆட்கள் தனி. இலைக்கணக்கு அண்ணா, அப்படியே சொல்லிவிடவா?

இலைக்கணக்கு · ஆகஸ்ட் 21, இரவு 9.30

சமையல்காரரிடம் கடைசி எண்ணிக்கையைத் திங்கள்கிழமை சொல். காய்கறிக்கும் பாலுக்கும் அதுவரை நேரம் இருக்கிறது. நான் என்றால் ராத்திரி 400 என்பேன். ராத்திரி வருகிறவர் சொல்லாத ஒருவரைக் கூட்டிவருவார், மகனின் சிநேகிதனாவது இருப்பான். டிபன் 150 போதும். லாட்ஜில் தூங்குகிறவன் ஏழு மணிக்கு எழுந்து குளித்து, தாலி கட்டும்போதுதான் வந்து சேருவான். "பார்க்கலாம்" என்கிற பதினொன்றில் பாதி வரும். எந்தப் பாதி என்று கேட்காதே.

பாண்டிநாட்டான் · ஆகஸ்ட் 21, இரவு 10.00

டிபனைக் குறைக்காதீர்கள் தங்கச்சி. எங்கள் பக்கம் காலை டிபனுக்குத்தான் கூட்டமே. முகூர்த்தம் பார்த்துவிட்டுப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் மொய் எழுதுவார்கள்.

இலைக்கணக்கு · ஆகஸ்ட் 21, இரவு 10.15

உங்கள் பக்கம் விடியற்காலை முகூர்த்தம், எல்லோரும் முன்னமே எழுந்திருப்பார்கள். இது 7.30. நான் சொன்னதைத்தான் சொல்வேன்.

கடைக்குட்டி · ஆகஸ்ட் 31, காலை 11.00

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அப்பா குடும்பக்காரர்களைத் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். இரவு 411, டிபன் 128, மதியம் 322. பாண்டிநாட்டான் அண்ணா மன்னிக்கவும், டிபன் 170 சொல்லியிருந்தோம், இட்லி ஒரு அண்டா மிஞ்சியது. மண்டபத்து வேலையாட்களும் பக்கத்துத் தெருவும் சாப்பிட்டார்கள். இரவு 400 இலைக்குத்தான் சொல்லியிருந்தோம். கடைசிப் பந்தியில் சித்தப்பாவுக்கு ஜாங்கிரி இல்லை.

பழைய மஹாலுக்கு ஒரே ஒரு கார் போனது. அது குழுவில் இல்லாத அப்பாவின் சிநேகிதர், அவருக்குப் பத்திரிகை மட்டும் வைத்திருந்தோம். பத்திரிகையில் "புது மஹால்" என்ற சொல் இல்லை.

விஜி அம்பத்தூர் · ஆகஸ்ட் 31, மதியம் 12.10

மணமக்கள் நீடூழி வாழட்டும்! எண்ணிக்கை கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லையா?

கடைக்குட்டி · ஆகஸ்ட் 31, மதியம் 12.25

அதற்கு யாரும் இல்லை அக்கா. ஆனால் "நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற வரிக்குத் திருச்சி மாமா கோபித்துக்கொண்டார். "ஏற்றுக்கொள்ள மாட்டேன், வந்து கூப்பிடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். 24ஆம் தேதி அப்பா தட்டோடு போய் அழைத்துவிட்டு வந்தார். மாமா வந்தார். குடும்பத்தோடு ஒன்பது பேர். கிளைக்காரர் கணக்கில் அவர்களுக்குப் போட்டிருந்தது நான்கு.